சிக்னல் இல்லாத இடத்தில் போனிலிருந்து போனுக்குப் பணம்

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் போன்ற மலைப்பகுதிக்குப் புறப்படுமுன், வீட்டில் இணையம் இருக்கும்போதே பீம் செயலியில் யு.பி.ஐ. லைட் எக்ஸ் வசதியைத் தொடங்கி, அதில் கொஞ்சம் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கே சிக்னல் அறவே இல்லாவிட்டாலும், உடன் வந்தவருக்குத் தர வேண்டிய வேன் வாடகைப் பங்கு 350 ரூபாயை இரண்டு போன்களையும் முதுகோடு முதுகாக ஒட்டிவைத்தே கொடுத்துவிடலாம்.

ஏற்றும்போதே வங்கிக் கணக்கிலிருந்து கழிந்த தொகை போனுக்குள்ளேயே இருப்பாக நிற்பதால், கொடுக்கும் நேரத்தில் வங்கியைக் கேட்க வேண்டியதில்லை. ரகசிய எண்ணும் தேவையில்லை. செய்தியைக் கடத்துவது என்.எஃப்.சி. என்னும் குறுந்தொலைவு அலை. அது சில சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது என்பதால், தட்டியும் நகராவிட்டால் முதலில் தடித்த உறையைக் கழற்றிப் பாருங்கள்; பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

வாங்குபவரும் இதே வசதியை முன்கூட்டியே தொடங்கியிருக்க வேண்டும். என்.எஃப்.சி. இல்லாத போனில் இது நடக்காது, விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு போன்களில் அது இருப்பதில்லை. ஒரு தடவைக்கு 1,000 ரூபாய், மொத்த இருப்பு 5,000 ரூபாய் என்பதே ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் வகுத்த உச்சவரம்பு. இருப்பு தீர்ந்தால், மறுபடி ஏற்றுவதற்குச் சிக்னல் உள்ள இடத்துக்குத்தான் இறங்கி வர வேண்டும்.