ஜவ்வரிசியோடு போர்வையும்: எடையும் இடமும் சேர்ந்து நிறையும்படி லோடு பிரிப்பது எப்படி?

சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரியில் அனுமதித்த எடை முடிந்துவிடும். ஆனால் மூட்டைகளுக்கு மேலே இரண்டடி உயரம் காலியாகவே போகும். ஈரோட்டில் போர்வை பேல்கள் ஏற்றினால் நிலைமை தலைகீழ்: தார்ப்பாய் முட்ட நிறைந்திருக்கும், எடையில் பாதிதான் பயன்பட்டிருக்கும். இரண்டையும் எந்த அளவில் கலந்தால் வாடகை அதிகம் கிடைக்கும் என்பதைப் பார்ப்போம். வாடகைத் தொகைகளைக் கணக்குக்காகத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் லாரியை அளக்க வேண்டும். பத்துச் சக்கர லாரிக்கு மொத்த எடை வரம்பு 28.5 டன். இதிலிருந்து காலி எடையைக் கழிக்கும்போது ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். 300 லிட்டர் டீசலே ஏறக்குறைய 250 கிலோ இருக்கும். தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி, ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். டேங்க்கை நிரப்பி எடை மேடையில் ஏற்றுங்கள். 10.5 டன் வந்தால் சரக்குக்கு 18 டன் மிஞ்சும். உட்புறம் 24 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி உயரம் என்றால் 1,536 கன அடி. மூட்டை இடுக்குகளுக்கு 96 கழித்து 1,440 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, ஒவ்வொரு சரக்கும் டன்னுக்கு எவ்வளவு இடம் கேட்கிறது என்று பாருங்கள். 50 கிலோ ஜவ்வரிசி மூட்டைக்கு 3 கன அடி, டன்னுக்கு 60. வாடகை டன்னுக்கு 3,000 ரூபாய். நூறு கிலோ போர்வை பேலுக்கு 16 கன அடி, டன்னுக்கு 160. வாடகை 5,500 ரூபாய்.

ஜவ்வரிசி மட்டும் ஏற்றினால் 18 டன்னுக்கு 54,000 ரூபாய். 360 கன அடி வீணாகும். போர்வை மட்டும் என்றால் 9 டன்னோடு இடம் முடிந்து 49,500 ரூபாய்தான் வரும்.

இனி மாற்றிப் பார்ப்போம். முழு ஜவ்வரிசி லோடிலிருந்து ஒரு டன்னை இறக்கி ஒரு டன் போர்வை ஏற்றினால் எடை மாறாது. வாடகை 2,500 ரூபாய் கூடும். இடம் 100 கன அடி கூடுதலாகச் செலவாகும். காலியாக இருப்பது 360 என்பதால் 3.6 டன் வரை இப்படி மாற்றலாம். ஆக 288 மூட்டை ஜவ்வரிசி, 36 பேல் போர்வை. வாடகை 43,200 + 19,800 = 63,000 ரூபாய்.

அங்கேயே ஏன் நிறுத்த வேண்டும்? இனி ஒரு டன் போர்வை ஏற்ற 160 கன அடி வேண்டும், அதற்கு 2.67 டன் ஜவ்வரிசியை இறக்க வேண்டும். வருவது 5,500, போவது 8,000. ஆகவே போர்வை வாடகை 3,000க்கும் 8,000க்கும் இடையில் இருக்கும்வரை இதே கலவைதான் சரி. 8,000ஐத் தாண்டினால் முழுக்கப் போர்வை. 3,000க்குக் கீழே இறங்கினால் முழுக்க ஜவ்வரிசி. வாடகை நூறு இருநூறு ஏறி இறங்குவதற்கெல்லாம் கணக்கை மாற்ற வேண்டியதில்லை.

நடுவில் மூன்றாவது சரக்கு ஒன்று வந்தால்? 100 கன அடி கூடுதல் இடத்துக்கு 2,500 ரூபாய் கிடைத்ததல்லவா? அப்படியானால் ஒரு கன அடியின் மதிப்பு 25 ரூபாய். ஜவ்வரிசியின் 3,000 ரூபாயில் இடத்துக்கு 1,500 போக, மீதி 1,500 ஒரு டன் எடையின் மதிப்பு. மஞ்சள் டன்னுக்கு 90 கன அடி கேட்கிறது என்றால் 1,500 + 2,250, அதாவது 3,750 ரூபாயாவது தர வேண்டும். 3,600 என்றால் வேண்டாம். 4,000 என்றால் கணக்குப்படி லாபம். ஆனால் மஞ்சள் தூள் வெள்ளை ஜவ்வரிசியிலும் போர்வையிலும் படிந்தால் நஷ்ட ஈடு யார் கொடுப்பது? நானாக இருந்தால் 4,000க்கும் ஏற்ற மாட்டேன்.

ஜவ்வரிசி மட்டும் ஏற்றுவதைவிடக் கலவையில் 9,000 ரூபாய் கூடுதல் என்றாலும் அது முழுதாகக் கைக்கு வராது. ஈரோடு போய்த் திரும்புவதற்கு 30 லிட்டர் டீசல், இரண்டாவது இடத்தின் ஏற்றுகூலி எல்லாம் சேர்ந்து 4,000 ரூபாய் ஆனால் மிச்சம் 5,000. பேலுக்காக ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தால் அதுவும் கரைந்துவிடும்.

இடம்தான் இருக்கிறதே என்று எடையைத் தாண்டுவது இன்னும் மோசம். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதன்மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கூடுதல் சரக்கையும் இறக்க வேண்டும். ஒரு டன் ஜவ்வரிசியின் 3,000 ரூபாய்க்காக 22,000 ரூபாயைப் பணயம் வைப்பதாகிவிடும்.

ஏற்றும்போது முதலில் சேலம், பிறகு ஈரோடு. ஜவ்வரிசியைத் தளம் முழுக்கச் சமமாகப் பரப்பினால் நாலரை அடி உயரம் வரும். அதன்மேல் பேல்களை அடுக்குங்கள். வரிசை மாறினால் மூட்டையின் கனத்தில் பேல்கள் நசுங்கும். இரண்டு சரக்கும் வெவ்வேறு ஊர்களில் இறங்குவதாக இருந்தால், போர்வை முதலில் இறங்குகிறதா என்று பேசி உறுதிசெய்த பிறகே முன்பணம் வாங்குங்கள்.