வழியனுப்பு மடல் அஞ்சலிக் குறிப்பாகிவிடக் கூடாது

ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் கப்பல் சரக்கு அலுவலகத்தில், ஆவணப் பிரிவு அண்ணன் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருக்குத் தமிழில் ஒரு மடல், ராட்டர்டாம் குழுவுக்காக அதன் ஆங்கில வடிவம் என்று முடிவாயிற்று. முதல் வரைவு இப்படி வந்தது: ‘நம்மை விட்டுப் பிரிகிறார். ஈடுசெய்ய முடியாத இழப்பு. அவர் நினைவு என்றும் நெஞ்சில் நிற்கும்.’

எழுதிய தம்பிக்கு அவர்மேல் அவ்வளவு அன்பு. ஆனால் பிரிவு, இழப்பு, நினைவு மூன்றும் ஒன்றாக நின்றால் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான் கண்முன் வரும். கடைக்குக் கிளம்பும்போதுகூட ‘போய்வருகிறேன்’ என்று சொல்கிறவர்கள் நாம். ‘ஓய்வு பெறுகிறார்’ என்று நேராக எழுதினாலே போதும். ஆங்கிலத்திலும் ‘லீவிங் அஸ்’ வேண்டாம். ‘ரிட்டையரிங்’ என்ற சொல்லில் குழப்பமே இல்லை.

அடுத்த வரி, ‘கடமை தவறாத கடின உழைப்பாளி.’ யாருக்கும் பொருந்துவது அவருக்கென்று எழுதியதாகாது. கப்பலில் ஏற்றிய சரக்குக்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் பெறுபவர் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் வங்கி ஆவணத்தைத் திருப்பிவிடக்கூடும். அதனால் அண்ணன் இரும்பு அடிஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே நகர்த்தி, உதடு அசைய, இரண்டு முறை படிப்பார். அதைத்தான் எழுதினோம்:

‘அண்ணே, உங்கள் அடிஸ்கேலுக்குக் கீழே எந்தப் பிழையும் ஒளிய முடிந்ததில்லை. நாங்கள் அவசரப்பட்ட நாட்களிலும் நீங்கள் இரண்டாவது முறை படித்தீர்கள். அந்தப் பழக்கம் எங்களுக்கும் வந்துவிட்டது. காசிமேட்டுக்கு மீன் வாங்க வரும்போதெல்லாம் இங்கேயும் வாருங்கள். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் டீ காத்திருக்கும்.’

இதை வரிக்கு வரி ஆங்கிலமாக்கினால் கெட்டுப்போகும். ‘அண்ணே’ என்பது ‘எல்டர் பிரதர்’ ஆனால் உடன்பிறந்தவர் என்று நினைப்பார்கள். அங்கே பெயரே போதும். காசிமேட்டை ‘அலுவலகத்துக்குப் பக்கத்து மீன் சந்தை’ என்று மாற்றினோம். அடிஸ்கேல் அப்படியே இருந்தது. அவர்கள் அறிந்த ஒன்றையும் சேர்த்தோம்: நம் மாலை 4 மணிக்கு அங்கே நண்பகலை ஒட்டிய நேரம், அண்ணன் திருத்திய பில் அவர்கள் சாப்பிட எழும் வேளையில் போய்ச் சேர்ந்துவிடும்.

பெயரில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஒருவர் பெயர் செல்வம், தந்தை பெயர் கோவிந்தன் என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சலில் செல்வம் கோவிந்தன் என்று இருப்பதைப் பார்த்து, மரியாதைக்காக ‘மிஸ்டர் கோவிந்தன்’ என்று எழுதுவார்கள். வாழ்த்து அப்பாவுக்குப் போய்விடும். ‘மிஸ்டர் செல்வம்’ என்று ஆங்கில மடலின் முதல் வரியிலேயே வந்துவிட்டால், பதில் எழுதுகிறவர்களும் அதையே பின்பற்றுவார்கள்.

கடைசி நாளை எண்ணால் மட்டும் எழுதாமல், மாதத்தின் பெயரையும் எழுதுங்கள். அவர் வேலையை இனி யார் பார்ப்பார் என்பதைத் தனி மின்னஞ்சலில் அனுப்பலாம். இந்த மடலை அவர் வீட்டில் எடுத்து வைப்பார்கள்.