கிரேக்க உரையில் சொல்லிலக்கணக் குறியீட்டை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்போடு இலவசமாகத் தரும் கோப்புகளில் அதிகம் பேர் எடுத்துக்கொள்வது `MorphGNT`. அகரவரிசையும் அரையும்குறையுமாய் வாய்பாடுகளும் தெரிந்தவர்கள் இதைத் திறந்ததும், இனி ஒரு சொல்லையும் அகராதியில் துழாவ வேண்டாம் என்று நிம்மதி அடைகிறார்கள். பிறகு பத்தில் ஒன்பது பேர் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். எழுத்தை மாற்றித் தட்டுவது, வரி தப்பிப் படிப்பது போன்றவை தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

யோவான் 1:1-இன் தொடக்கம் கோப்பில் இப்படி இருக்கும். நமக்கு வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

```
040101 P- -------- Ἐν    ἐν
040101 N- ----DSF- ἀρχῇ  ἀρχή
040101 V- 3IAI-S-- ἦν    εἰμί
040101 RA ----NSM- ὁ     ὁ
040101 N- ----NSM- λόγος λόγος
```

முதலில் நூல், அதிகாரம், வசனம். அடுத்து சொல்வகை: `N-` பெயர், `V-` வினை, `RA` ஆர்ட்டிகிள், `P-` முன்னிடைச்சொல். மூன்றாவதாக எட்டு எழுத்துக் குறியீடு. அதன் பின் உரையில் வரும் சொல், கடைசியில் அகராதி வடிவம். நாம் பேசப்போவது அந்த எட்டு எழுத்தைப் பற்றி.

எழுத்தைப் படிக்காதீர்கள், கட்டத்தைப் படியுங்கள்

அந்த எட்டும் எட்டுக் கட்டங்கள். வரிசை மாறவே மாறாது: 1 தன்மை-முன்னிலை-படர்க்கை, 2 காலம், 3 வாய்ஸ் (செய்வினை, மிடில், செயப்பாட்டுவினை), 4 மூட், 5 வேற்றுமை, 6 எண், 7 பால், 8 ஒப்புநிலை. பொருந்தாத கட்டத்தில் சிறுகோடு நிற்கும். பெயர்ச்சொல்லுக்கு முதல் நான்கும் கோடுகள்தான். விகுதி ஏற்கும் சாதாரண வினைக்கு 5, 7, 8 கோடுகள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரே எழுத்து கட்டத்துக்குக் கட்டம் வேறு பொருள் தரும். `A` இரண்டாம் கட்டத்தில் அயோரிஸ்ட், மூன்றாம் கட்டத்தில் செய்வினை, ஐந்தாம் கட்டத்தில் இரண்டாம் வேற்றுமை. `P` இன்னும் மோசம்: இரண்டில் நிகழ்காலம், மூன்றில் செயப்பாட்டுவினை, நான்கில் பார்ட்டிசிபிள், ஆறில் பன்மை. எழுத்தைப் பார்த்தவுடன் முதலில் கற்ற பொருள் மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

இதற்கு யோவான் 1:12-ஐவிட நல்ல சோதனை கிடையாது. வசனத்தின் பின்பாதியில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன.

```
040112 RA ----DPM- τοῖς        ὁ
040112 V- -PAPDPM- πιστεύουσιν πιστεύω
```

'பிஸ்தியூஊசின்' என்ற அந்த வினையின் குறியீட்டில் மூன்று `P`. ஒரு வாசிப்புக் குழுவில் இதை ஒருவர் 'செயப்பாட்டுவினை, பன்மை' என்று சொல்லி, 'நம்பப்படுகிறவர்கள்' என்று எழுதினார். இன்னொருவர் வாய்பாட்டு நினைவில், 'அவர்கள் நம்புகிறார்கள்' என்றார். இரண்டாமவரின் பிழைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. படர்க்கைப் பன்மை நிகழ்கால வினையும் எழுத்து மாறாமல் இதே வடிவம்தான், அப்போது குறியீடு `3PAI-P--` என்றிருக்கும். முதலாமவரின் பிழைக்கு நியாயமே இல்லை. விடை கண்ணெதிரே இருக்கிறது, அவர் கட்டத்தை எண்ணவில்லை.

எண்ணிப் பாருங்கள். 1: கோடு. ஆகவே தன்மை, முன்னிலை, படர்க்கை எதுவும் இல்லை. 'நம்புகிறார்கள்' அங்கேயே அடிபட்டுப் போகிறது. 2: `P`, நிகழ்காலம். 3: `A`, செய்வினை, 'நம்பப்படுகிற' என்பதும் போயிற்று. 4: `P`, பார்ட்டிசிபிள். 5: `D`, நான்காம் வேற்றுமை. 6: `P`, பன்மை. 7: `M`, ஆண்பால். 8: கோடு. நம் இலக்கணத்தில் சொன்னால் இது வினையாலணையும் பெயர், நான்காம் உருபோடு: நம்புகிறவர்களுக்கு.

சரிபார்க்கும் வழியும் அருகிலேயே உள்ளது. முன்னே நிற்கும் ஆர்ட்டிகிளின் 5, 6, 7 ஆகிய கட்டங்களைப் பாருங்கள்: `DPM`. வினையிலும் அதே இடத்தில் அதே `DPM`. இரண்டும் ஒத்துப்போனால் வாசிப்பு சரி. 'அவர்கள் நம்புகிறார்கள்' என்று எடுத்தால் அந்த ஆர்ட்டிகிள் சேர்ந்துகொள்ள ஆளில்லாமல் தனியே நிற்கும். பார்ட்டிசிபிள் வரும்போதெல்லாம் இந்த மூன்று கட்டங்களை அக்கம்பக்கத்துப் பெயரோடும் ஆர்ட்டிகிளோடும் ஒப்பிடுங்கள்.

இன்னொரு பொறி, பெர்ஃபெக்ட் காலம். `P` நிகழ்காலத்துக்குப் போய்விட்டதால் பெர்ஃபெக்டுக்கு `X`, அதற்கு முந்தைய ப்ளூபெர்ஃபெக்டுக்கு `Y`. யோவான் 1:6-இல் 'அனுப்பப்பட்டவன்' என்ற பொருளில் வரும் சொல்:

```
040106 V- -XPPNSM- ἀπεσταλμένος ἀποστέλλω
```

`X` புரியாமல் அதைத் தாண்டிவிட்டு, அடுத்த `P`-ஐ நிகழ்காலம் என்று எடுப்பவர்கள் ஏராளம். கட்டப்படி பார்த்தால் பெர்ஃபெக்ட், செயப்பாட்டுவினை, பார்ட்டிசிபிள், எழுவாய் வேற்றுமை, ஒருமை, ஆண்பால்.

இதே தவறு கணினியில் தேடும்போது பல மடங்காகப் பெருகும். யோவானில் உள்ள அயோரிஸ்ட் வினைகளைத் திரட்ட நினைத்து, குறியீட்டில் `A` உள்ள வரிகளையெல்லாம் எடுத்துவிடுகிறார்கள். செய்வினைகள் அத்தனையும் வரும், இரண்டாம் வேற்றுமைப் பெயர்களும் வரும். பட்டியல் நீளமாக, ஒழுங்காக, நம்பும்படி இருக்கும்; பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த எண்ணிக்கையை வைத்துக் கட்டுரை எழுதிய பிறகு கண்டுபிடித்தால் என்ன பயன்? எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான், ஏனென்றால் ஒரே ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும்:

```
grep -E '^[0-9]+ V- .A' 64-Jn-morphgnt.txt
```

`V-` வினையை மட்டும் வடிகட்டுகிறது. அதன் பின் வரும் புள்ளி முதல் கட்டத்தை, அதில் என்ன இருந்தாலும், தாண்டுகிறது. `A` இரண்டாம் கட்டத்தில் மட்டுமே பொருந்தும். அயோரிஸ்ட் செயப்பாட்டுவினை மட்டும் வேண்டுமானால் `.AP`. பெர்ஃபெக்ட் செயப்பாட்டு பார்ட்டிசிபிள் என்றால் `.XPP`.

சிறுகோட்டை வெட்டாதீர்கள்

`-PAPDPM-` கோடிழந்து `PAPDPM` ஆனால் கட்டம் ஒன்று முன்னே நகர்ந்துவிடும், அதோடு கதை முடிந்தது.

ஒரு திட்டத்தின் சாவியால் இன்னொன்றைத் திறக்காதீர்கள்

கிரேக்க உரைகளுக்குப் பல குறியீட்டுத் திட்டங்கள் உண்டு. பைபிள் மென்பொருள்களில் அடிக்கடி பார்ப்பது ராபின்சன் குறியீடு. ஹோமர் முதலிய பழைய இலக்கியங்களுக்கு பெர்சியஸ் ட்ரீபேங்கின் ஒன்பது எழுத்துக் குறியீடு. மேலே பார்த்த அதே 'பிஸ்தியூஊசின்' மூன்றிலும் இப்படி எழுதப்படும்:

```
MorphGNT   -PAPDPM-
Robinson   V-PAP-DPM
Perseus    v-pppamd-
```

பெர்சியஸில் வரிசையே வேறு: சொல்வகை, படர்க்கை முதலியவை, எண், காலம், மூட், வாய்ஸ், பால், வேற்றுமை, ஒப்புநிலை. மூன்று `p` தொடர்ந்து வந்தாலும் அவை பன்மை, நிகழ்காலம், பார்ட்டிசிபிள். `MorphGNT` பழக்கத்தில் படித்தால் வாய்ஸும் மூடும் இடம் மாறிவிடும்.

ராபின்சனில் ஏமாற்றுவது எண் 2. யோவான் 1:12-இல் வரும் 'எலபோன்' (ஏற்றுக்கொண்டார்கள்) அங்கே `V-2AAI-3P`. அந்த 2 'இரண்டாம் அயோரிஸ்ட்' என்ற வடிவ வகையைக் குறிக்கிறது. படர்க்கை என்று சொல்வது பின்னால் வரும் 3. இதையே `MorphGNT` `3AAI-P--` என்று எழுதும், அங்கே இரண்டாம் அயோரிஸ்டுக்குத் தனிக் குறி கிடையாது. அங்கே 2 வந்தால் அது முன்னிலைதான். பெர்ஃபெக்டும் ராபின்சனில் `R`. ஏவல் `M`, `MorphGNT`-இல் அதே ஏவல் `D`. கோப்போடு வரும் விளக்கக் குறிப்பை அச்சிட்டுப் பக்கத்தில் வையுங்கள், மனப்பாடம் பிறகு தானாக வரும்.

`D` என்றால் 'கு' அல்ல

குறியீடு வடிவத்தைச் சொல்கிறது. யோவான் 1:1-இல் 'ஆர்க்கே' `----DSF-`, ஆனால் முன்னே 'என்' நிற்பதால் தமிழில் 'ஆதியிலே' என்று ஏழாம் வேற்றுமையாகும். முன்னிடைச்சொல்லைப் பார்க்காமல் உருபு போடாதீர்கள்.

குறியீட்டை வேதவாக்காக எடுக்காதீர்கள்

ஒவ்வொரு குறியீடும் யாரோ ஒருவர் சூழலைப் பார்த்து எடுத்த முடிவு. பெரும்பாலான இடங்களில் வேறு வழியே இருக்காது. சில இடங்களில் வடிவம் இரண்டு மூன்று வழிகளைத் திறந்து வைக்கும், குறியீட்டில் ஒன்றைத்தான் எழுத முடியும்.

யோவான் 1:9-இல் 'எர்கோமெனோன்' (வருகிற) என்ற பார்ட்டிசிபிளைப் பாருங்கள். அலிப்பால் எழுவாய்க்கும், அலிப்பால் இரண்டாம் வேற்றுமைக்கும், ஆண்பால் இரண்டாம் வேற்றுமைக்கும் இதே வடிவம்தான். வசனத்தில் இதைத் தாங்கக்கூடிய பெயர்கள் இரண்டு. 'ஃபோஸ்' (ஒளி) அலிப்பால், எழுவாய். 'அந்த்ரோபோன்' (மனிதனை) ஆண்பால், இரண்டாம் வேற்றுமை. 5, 6, 7 ஆகிய கட்டங்கள் `NSN` என்றால் உலகத்துக்குள் வருவது ஒளி. `ASM` என்றால் உலகத்துக்குள் வருவது ஒவ்வொரு மனிதனும். இலத்தீன் வுல்காத்தா மனிதனோடு சேர்த்தது. நம் வீடுகளில் உள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் வருவது ஒளி.

இப்படிப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: குறியீட்டைக் கையால் மூடிக்கொண்டு, சொல்லின் ஈற்றை மட்டும் பார்த்து எத்தனை குறியீடு எழுத முடியும் என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் 5, 6, 7 ஒத்துவரும் பெயர் வசனத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர் கிடைக்காத குறியீடு தானே விழுந்துவிடும். ஒன்றுக்கு மேல் மிஞ்சினால் இரண்டையும் ஏட்டில் வைத்துக்கொள்ளுங்கள்:

```
ἐρχόμενον  -PMPNSN-  φῶς
ἐρχόμενον  -PMPASM-  ἄνθρωπον
```