கத்தரிக்கோல் ஒன்றா, எட்டா?

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். ஓ.எல். எழுதப்போகிற பிள்ளைகள் பாதி, ஹோட்டல்களிலும் படகுகளிலும் வேலை செய்கிற இளைஞர்கள் பாதி. போன மாதம், திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டவரைக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகொன்றில் வேலைக்குச் சேர்ந்த பையன் ஒரு துண்டுக் கடிதத்தோடு வந்தான். முதலாளிக்கு அனுப்ப வேண்டிய கடிதம். ‘தி பைனாகுலர்ஸ் ஆர் ப்ரோக்கன். பிளீஸ் சென்ட் நியூ வன்ஸ்’ என்று எழுதியிருந்தான்.

“இலக்கணம் சரிதானே சேர்?” என்று கேட்டான். ‘பைனாகுலர்ஸ்’ என்றால் ‘ஆர்’தான். அதில் பிழை இல்லை. “எத்தனை உடைஞ்சது?” என்று கேட்டேன். “ஒண்டுதான் சேர். படகில அஞ்சு இருக்கு.”

அந்தக் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இருபது வயதில் இதையேதான் நானும் எழுதினேன்.

‘நியூஸ் இஸ்’, ‘மெத்ஸ் இஸ்’, ‘சிசர்ஸ் ஆர்’ என்ற பட்டியலை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. அது எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கிறது, பிள்ளைகளும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பட்டியல் தெரிந்தவர்கள் விடுகிற பிழைகள்தான் எனக்குக் கவலை.

## ‘ஆர்’ போட்டதோடு நிறுத்திவிடுவது

நான் அப்போது இந்தக் கரையோரத்தில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். திரைச்சீலை, படுக்கை விரிப்பு தைக்கிற அறையில் எட்டுக் கத்தரிக்கோல் இருந்தன. பதிவேட்டிலும் எட்டு என்றே இருந்தது. ஒருநாள் தையல் அக்கா ஒன்றைக் கொண்டுவந்து, “தம்பி, இது மொட்டையாப் போச்சு, மேல எழுதிப் போடுங்க” என்றார். நான் கொழும்பு அலுவலகத்துக்கு எழுதினேன்: ‘தி சிசர்ஸ் ஆர் பிளண்ட். பிளீஸ் ரிப்ளேஸ் தெம்.’

பன்னிரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. உள்ளே எட்டுக் கத்தரிக்கோல், எல்லாம் துணி வெட்டுகிற பெரிய ரகம், நல்ல விலை. அவர்கள் பதிவேட்டைப் பார்த்து, இருக்கிற எட்டும் மொட்டை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எழுதியதை அப்படி வாசிப்பதில் எந்தப் பிழையும் இல்லை. கூடுதலாக வந்த ஏழின் விலையை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். என் கடிதத்தில் இலக்கணப் பிழை இல்லை என்று வாதாடினேன். இல்லைதான். ஆனால் எண்ணிக்கையும் இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சாதாரணப் பெயர்ச்சொல்லில் வினை எண்ணிக்கையையும் சொல்லிவிடும். ‘தி நைஃப் இஸ் பிளண்ட்’ என்றால் ஒரு கத்தி. ‘தி நைவ்ஸ் ஆர் பிளண்ட்’ என்றால் ஒன்றுக்கு மேல். ‘சிசர்ஸ்’ அப்படி இல்லை. ஒன்று இருந்தாலும் ‘ஆர்’, நூறு இருந்தாலும் ‘ஆர்’. இரண்டு அலகு சேர்ந்து ஒரு கருவி என்பதால் அந்தச் சொல் எப்போதும் பன்மை வேடத்தில் நிற்கிறது. ஆகவே அந்த ‘ஆர்’ வாசிப்பவருக்கு எண்ணிக்கை பற்றி எதுவும் சொல்வதில்லை. ‘தெம்’ என்ற சொல்லும் அப்படித்தான்.

எண்ணிக்கை வேண்டுமென்றால் சோடியைக் குறிக்கும் ‘பெயர்’ என்ற ஆங்கிலச் சொல்லை முன்னால் கொண்டுவர வேண்டும். ‘எ பெயர் ஆஃப் சிசர்ஸ்’ என்றால் ஒரு கத்தரிக்கோல். இதை ஒரு பிள்ளையும் எளிதில் நம்புவதில்லை, அதற்குக் காரணம் நம் பேச்சிலேயே இருக்கிறது. நாம் ‘ஒரு சோடி செருப்பு’ என்றால் இரண்டு செருப்பு. ‘ஒரு சோடி காப்பு’ என்றால் இரண்டு காப்பு. அதே கையோடு ‘எ பெயர் ஆஃப் சிசர்ஸ்’ என்பதை ‘ஒரு சோடி கத்தரிக்கோல்’ என்று மனதில் மொழிபெயர்த்தால் இரண்டு கத்தரிக்கோல் ஆகிவிடுகிறது. ஒரு பிள்ளை ‘இரண்டு கத்தரிக்கோல் வாங்கினேன்’ என்பதற்கு ‘ஐ பாட் எ பெயர் ஆஃப் சிசர்ஸ்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். வாசித்தவருக்கு ஒன்றுதான் வாங்கியதாகப் படும். இரண்டு என்றால் ‘டூ பெயர்ஸ் ஆஃப் சிசர்ஸ்’.

அப்புறம் வினை. ‘பெயர்’ வந்துவிட்டால் வினை அதற்குத்தான் கட்டுப்படும், பின்னால் நிற்கிற ‘சிசர்ஸ்’ஸுக்கு அல்ல. ‘திஸ் பெயர் ஆஃப் சிசர்ஸ் இஸ் பிளண்ட்.’ ‘டூ பெயர்ஸ் ஆஃப் சிசர்ஸ் ஆர் பிளண்ட்.’ வினைக்குப் பக்கத்தில் ‘சிசர்ஸ்’ நிற்பதால் கை தானாக ‘ஆர்’ எழுதப் பார்க்கும். ‘ஆஃப்’ என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

என் கடிதம் இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘வன் ஆஃப் தி எயிட் பெயர்ஸ் ஆஃப் சிசர்ஸ் இஸ் பிளண்ட். பிளீஸ் ரிப்ளேஸ் இட்.’ இதில் ‘எயிட் பெயர்ஸ்’ இருக்கிறது, ‘சிசர்ஸ்’ இருக்கிறது. அப்படியிருந்தும் வினை ‘இஸ்’. முதலில் நிற்கிற ‘வன்’ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் ‘தெம்’ போய் ‘இட்’ வந்தது. படகுப் பையனின் கடிதத்தையும் இதே முறையில் திருத்தினோம். ‘வன் பெயர் ஆஃப் பைனாகுலர்ஸ் இஸ் ப்ரோக்கன்’ என்று எழுதி, கீழே ‘வி ஹாவ் ஃபோர் அதர்ஸ்’ என்று அவனே சேர்த்துக்கொண்டான்.

ட்ரவுசர்ஸ், ஷோர்ட்ஸ், ஜீன்ஸ், மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் கிளாசஸ், குறடு என்று நாம் சொல்கிற பிளையர்ஸ் எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஆங்கிலம் பேசுகிறவர்களில் சிலர் ‘எ சிசர்ஸ்’ என்று சொல்வதும் உண்டு, சில அகராதிகளும் அதை ஏற்கின்றன. பரீட்சைத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அதை எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு.

## ‘நியூஸ்’ஸையும் ‘சிசர்ஸ்’ஸையும் ஒரே பையில் போடுவது

இரண்டையும் ‘விதிவிலக்குகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் படித்தால், பரீட்சை மண்டபத்தில் எது ‘இஸ்’, எது ‘ஆர்’ என்று குழம்பும். ‘சிசர்ஸ் இஸ்’ என்று எழுதுகிற பிள்ளைகள் பலர் ‘நியூஸ் இஸ்’ என்பதை நன்றாகப் படித்தவர்கள். ‘எஸ் இருந்தாலும் ஒருமை’ என்று ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதைப் போடுகிறார்கள்.

பிரித்து அறிய இரண்டு கேள்வி போதும். முதலில், அந்தச் சொல்லுக்கு நேராக முன்னால் ‘எ’ போட முடியுமா? ‘எ ஷூ’ என்று சொல்ல முடியும், ஆகவே அது சாதாரணச் சொல், இங்கே வேலை இல்லை. ‘எ நியூஸ்’, ‘எ ட்ரவுசர்ஸ்’ என்று சொல்ல முடியாது. அப்படியானால் இரண்டாவது கேள்வி: ஒன்றைப் பிரித்துச் சொல்ல என்ன சொல் உதவிக்கு வருகிறது? ‘எ பீஸ் ஆஃப் நியூஸ்’ என்று ‘பீஸ்’ வந்தால் ‘இஸ்’. ‘எ பெயர் ஆஃப் ட்ரவுசர்ஸ்’ என்று ‘பெயர்’ வந்தால், சொல் தனியே நிற்கும்போது ‘ஆர்’.

‘நியூஸ்’ விஷயத்தில் இன்னொன்று. வினையை மட்டும் திருத்திவிட்டு, பக்கத்தில் நிற்பவற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். ‘தீஸ் நியூஸ் இஸ் பேட். ஐ ஹேர்ட் தெம் யெஸ்டர்டே.’ ‘இஸ்’ சரி, ஆனால் ‘தீஸ்’ஸும் ‘தெம்’மும் பன்மை. ‘திஸ் நியூஸ்’, ‘ஐ ஹேர்ட் இட்’ என்று வர வேண்டும். ‘மெனி நியூஸ்’ஸும் ஆகாது, ‘எ லொட் ஆஃப் நியூஸ்’ என்றால் சரி. நாம் வானொலியில் ‘செய்திகள்’ என்று கேட்டே வளர்ந்ததால் அந்தக் ‘கள்’ளை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகிறோம். ஆங்கிலத்திலும் ‘நியூ’ என்ற சொல்லோடு பன்மை ‘எஸ்’ சேர்ந்துதான் ‘நியூஸ்’ பிறந்தது. பழைய காலத்தில் அதைப் பன்மையாகவும் எழுதினார்கள். இன்று அது முழுக்க ஒருமை.

## ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ எப்போதும் ‘இஸ்’ என்று நம்புவது

கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் அறிக்கை எழுதும்போது இது வருகிறது. மத்தமட்டிக்ஸ், ஃபிசிக்ஸ் எல்லாம் பாடப் பெயர், அதனால் ‘இஸ்’. ஸ்டாட்டிஸ்டிக்ஸும் பாடமாக இருக்கும்போது ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இஸ் டிஃபிகல்ட்’. ஆனால் மீன்பிடி பற்றிய அறிக்கையில் ‘தி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஷோஸ்’ என்று எழுதினால் பிழை. அங்கே அது புள்ளிவிவரங்கள், அதாவது அட்டவணையில் இருக்கிற எண்கள். ‘தி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஷோ’ என்று வர வேண்டும்.

தமிழில் சொல்லிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ‘புள்ளிவிவரவியல்’ என்று வந்தால் ஒருமை, ‘புள்ளிவிவரங்கள்’ என்று வந்தால் பன்மை. மண்டபத்தில் ஒலி எதிரொலிக்கிற விதத்தைச் சொல்லும் ‘அகூஸ்டிக்ஸ்’ஸும் இப்படித்தான்: பாடமாக ‘இஸ்’, ‘தி அகூஸ்டிக்ஸ் ஆஃப் திஸ் ஹோல்’ என்றால் ‘ஆர்’.

## ‘தி பொலிஸ் இஸ் கம்மிங்’

நாம் “பொலிஸ் வந்தது” என்று சொல்வதால் வருகிற பிழை. ‘பொலிசார் வந்தனர்’ என்று நினைத்துக்கொண்டு ‘ஆர்’ எழுதுங்கள். ‘பீப்பிள்’ என்றால் மக்கள், அதற்கும் ‘ஆர்’.

## ‘மீசில்ஸ் ஆர்’

நோய்ப் பெயர். ‘இஸ்’.

## ‘வன் கட்டில்’

மாட்டைக் குறிக்கும் இந்தச் சொல்லில் எஸ் இல்லை, ஆனாலும் எப்போதும் பன்மை. ‘தி கட்டில் ஆர் ஆன் த ரோட்.’ ஒரு மாடு மட்டும் நின்றால் இந்தச் சொல்லே உதவாது, ‘எ கவ்’ என்றோ ‘எ புல்’ என்றோ சொல்ல வேண்டும்.

## ‘டியர்ஸ்’

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரிவதால் நம்மூர் வழிகாட்டிகள் வாயில் இந்தச் சொல் தினமும் வருகிறது. மானுக்கு ஆங்கிலத்தில் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ‘டியர்’தான். இங்கே ‘சிசர்ஸ்’ஸுக்கு நேர்மாறாக, எண்ணிக்கையைச் சொல்கிற வேலை முழுவதும் வினையிடம் இருக்கிறது. ‘தி டியர் இஸ் ஈட்டிங்’ என்றால் வெளிநாட்டுக்காரர் ஒரு மானைத் தேடுவார். ‘தி டியர் ஆர் ஈட்டிங்’ என்றால் கூட்டத்தைத் தேடுவார். என்னிடம் படித்த வழிகாட்டி ஒருவர் இப்போது கோட்டை வாசலில் முதலில் மான்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்.