தையல் கடையில் உறுதியான தேதி வாங்கியது எப்படி

சிங்கப்பூர் தேக்கா சென்டர் மாடியில் ஒரு தையல் கடையில் தீபாவளிக்குப் பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். சொன்ன தேதி தாண்டிவிட்டது. போன் செய்தால் "நாளைக்கு வாங்கம்மா" என்றே பதில்.

கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்து நேரில் போனேன். "எப்போ கிடைக்கும்?" என்று கேட்டால் மறுபடியும் "நாளைக்கு"தான் வரும். அதனால், "அண்ணே, உங்களுக்கு வேலை அதிகம்னு தெரியுது. என் துணி எந்த நிலையில இருக்குன்னு பார்க்கலாமா?" என்றேன். பையைப் பிரித்தார். லைனிங் மட்டும் வெட்டியிருந்தது. பட்டில் கத்திரி படவே இல்லை. வெட்டாத துணியைத் திரும்ப வாங்கி வேறு கடையில் கொடுக்கலாம். வெட்டிவிட்டால் பெரும்பாலும் அவரேதான் முடிக்க வேண்டும்.

அவர் தையல் சுத்தமாக இருக்கும், அதனால் அங்கேயே விட்டேன். "வெள்ளிக்கிழமை புடவை கட்டணும். உங்களால முடியுற நாளை நீங்களே சொல்லுங்க." கொஞ்சம் யோசித்து, புதன் என்றார். "சரி, அப்போ திங்கள் சாயங்காலம் போட்டுப் பார்க்க வரட்டுமா? கொக்கியெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்."

எனக்குக் கைகொடுத்தது இந்த நடுத் தேதிதான். போட்டுப் பார்க்க வருகிறேன் என்றால் அதற்குள் வெட்டித் தைத்தே ஆக வேண்டும். அக்குளில் பிடித்தால் பிரித்துத் தைக்கவும் அவகாசம் இருக்கும். இரண்டு தேதியையும் ரசீதில் அவர் கையாலேயே எழுதித் தரச் சொன்னேன். மீதிப் பணம் ரவிக்கையை வாங்கும்போது என்று பேசிக்கொண்டோம்.

திங்களன்று கை இறுக்கமாக இருந்தது. உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துச் சரிசெய்தார். புதன்கிழமை ரவிக்கை கிடைத்தது.