கிளானுக்குப் பெயர் வைக்கும்போது சறுக்கும் இடங்கள்

கும்பகோணத்துப் பையன்கள் சிலர் சேர்ந்து கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் கேமில் ஒரு கிளான், அதாவது குழு, தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் வர வேண்டும், காபி வர வேண்டும், மோனையும் இருந்தால் நல்லது. யோசித்துப் பார்த்தால் ‘கும்பகோணம் காபிக் கூட்டம்’ தானாக வந்து விழுகிறது. அருமையான பெயர்தான். ஆனால் அந்த கேமில் பெயருக்கு 15 எழுத்து வரைதான் இடம். KumbakonamKaapi என்று ஒட்டி எழுதினாலே 15-ம் தீர்ந்துவிடும், கூட்டத்துக்கு இடமில்லை. உடனே ஒருவன் சொல்வான்: “சுருக்கி KKK-னு வச்சிடலாம்டா.”

இங்கேதான் வம்பு. கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு 1865-ல் அமெரிக்காவில் தொடங்கியது. கறுப்பின மக்களைக் கொன்றும் வீடுகளை எரித்தும் மிரட்டிய அந்தக் கும்பலை உலகம் முழுக்க KKK என்றுதான் குறிப்பிடுவார்கள். கேமிலும் குழுவுக்கு ‘கிளான்’ என்றே பெயர் என்பதால், தற்செயலாக வைத்தோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கிளான் வாரில் எதிரே வரும் குழு எந்த நாட்டிலிருந்தும் வரலாம். அவர்களில் ஒருவர் ரிப்போர்ட் அடித்தால், இது காபிக் கூட்டம் என்று விளக்க உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை.

தமிழில் க வரிசைப் பெயர்கள் ஏராளம் என்பதால் இந்தத் தவறு நமக்குச் சுலபமாக வரும். காரைக்குடி கலக்கல் கூட்டம், கோவை காளைகள் கூட்டம், எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். அதனால் பெயரைச் சுருக்காமல், வேறு பெயராக யோசிப்பதே மேல். Kaapi Kootam இடைவெளியோடு சேர்த்து 12. Degree Kaapi-யும் 12. Davara Tumblers அச்சு அசலாக 15. எனக்குப் பிடித்தது கடைசிப் பெயர்தான், ஏனென்றால் விளையாட்டு அதோடு நிற்காது. தலைவர் Filter, எப்போதும் கசப்பாகப் பேசுகிறவர் Chicory, தூங்கி வழிகிறவர் Decoction என்று ஆளுக்கொரு பெயரும் கிடைத்துவிடும். யாரையும் சீண்டாமலே சிரிப்பு வருகிறது.

அடுத்த தவறு, கேம் ஏற்றுக்கொண்டது என்பதாலேயே பெயர் சரி என்று நினைப்பது. கேமில் தகாத பெயர்களைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் ஒரு வார்த்தைப் பட்டியல்தான். ஆங்கிலக் கெட்ட வார்த்தைகள் அதற்கு அத்துபடி. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. ‘கூத்து’ என்பதை வைத்து Koothu Gang என்று பெயர் வைக்கிறீர்கள். கீபோர்டில் u-வுக்குப் பக்கத்து எழுத்து i. விரல் ஒரு கட்டம் நகர்ந்தால் என்ன வார்த்தை ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ‘குண்டு’ என்று தொடங்கும் பெயருக்கும் இதே ஆபத்து உண்டு. வடிகட்டி இரண்டையும் விட்டுவிடும், தமிழ் தெரிந்தவர் விடமாட்டார். உறுதி செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பெயரை வாய்விட்டு ஒருமுறை படிப்பது இதற்காகத்தான். வாய்ஸ் சாட்டில் யாராவது அதை உரக்கத்தான் சொல்லப் போகிறார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தேனி மாவட்டத்துக் கம்பத்தை ஆங்கிலத்தில் Cumbum என்று எழுதுவது பழைய வழக்கம். அந்த ஆறு எழுத்துக்குள் ஆங்கிலக்காரருக்கு ஒன்றல்ல, இரண்டு விரசமான வார்த்தைகள் தெரியும். சொல்லின் நடுவில் தேடுகிற வடிகட்டி இதைத் தடுத்துவிட வாய்ப்பு அதிகம். 1996-ல் இங்கிலாந்தில் ஸ்கந்தோர்ப் என்ற ஊர்க்காரர்களை ஏஓஎல் நிறுவனத்தின் வடிகட்டி கணக்கே தொடங்கவிடாமல் செய்தது இதே காரணத்தால்தான். இந்தச் சிக்கலுக்கு இன்றும் அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறார்கள். தடுத்துவிட்டதே என்று C-க்குப் பதில் ஒரு குறி, u-வுக்குப் பதில் v என்று தந்திரமாக எழுதுவது இன்னும் மோசம். வேண்டுமென்றே கெட்ட வார்த்தையை ஒளித்து எழுதுகிறவர்கள் செய்வதும் அதுதான், பார்ப்பவருக்கு நீங்களும் அவர்களும் ஒன்றாகத் தெரிவீர்கள். Kambam என்று எழுதினால் தீர்ந்தது.

எண்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் ஊரில் 420 என்றால் ஏமாற்றுக்காரன் என்று கேலி. இந்திய தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவு 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோது 318 ஆகிவிட்டது, கேலி மட்டும் மாறவில்லை. ஆனால் அமெரிக்கர் கண்ணுக்கு 420 என்றால் கஞ்சா. 88 அதைவிட மோசம்: ஆங்கிலத்தில் எட்டாவது எழுத்து H, இரண்டு எட்டு சேர்ந்தால் ஹிட்லருக்குப் போடும் வணக்கம் என்பது நாஜி ஆதரவாளர்களின் குறியீடு. எட்டு ராசியான எண் என்று இரண்டு தடவை போட்டுக்கொள்கிறவருக்கு இது தெரிந்திருக்காது. பிறந்த ஆண்டைப் போடுவதும் வேண்டாம், முன்பின் தெரியாதவர்களுக்கு வயதைச் சொல்லித் தருவதாகிவிடும். அப்புறம், கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஒரே பெயரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். # குறியோடு வரும் டேக்தான் ஆளைப் பிரித்துக் காட்டுகிறது. பெயருக்குப் பின்னால் எண்ணுக்கே அங்கே அவசியமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தெரியாமல் நடப்பவை. தெரிந்தே, ‘சும்மா ஜாலிக்கு’ என்று வைக்கிற பெயர்கள்தான் நம்மிடம் அதிகம். ஊமை, நொண்டி, செவிடு என்று உடற்குறையைச் சொல்வது, திருநங்கையரைக் கேலி செய்யும் பழைய சொற்கள், ‘ஆண்ட பரம்பரை’ வகைச் சாதிப் பெருமை. இவை தவறு என்று சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாமல் நழுவுகிற சொல் ‘சண்டாளன்’. அம்மாவே மகனைச் செல்லமாகத் திட்டுகிற வார்த்தை ஆயிற்றே, Sandalargal என்று கிளானுக்கு வைத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் சண்டாளர் என்ற பெயர் இருக்கிறது. ஒரு மக்களின் பெயர்தான் திட்டாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் கெத்தாக ஒலிக்கும் Pariah-வும் அப்படித்தான், தமிழ்நாட்டுப் பறையர் என்ற பெயரிலிருந்து போய் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்று ஆன சொல் அது. வெளிநாட்டு வீரர் வைத்திருந்தால் தெரியாமல் வைத்தார் எனலாம். நாம் வைத்தால் அந்தச் சமாதானம் எடுபடாது.

குழுவில் ஐம்பது பேர் வரை சேரலாம், எல்லோரும் நண்பர்களாக இருக்க மாட்டார்கள். நண்பனின் நிறத்தையோ உடல்வாகையோ வைத்துப் பெயர் வைத்து அவனே சிரித்தாலும், நாளைக்குச் சேரும் புதியவர் அந்தப் பெயரின் கீழே உட்கார வேண்டியிருக்கும். கேலியைச் சாப்பாட்டின் மேலோ, சோம்பலின் மேலோ, தோற்றுப்போவதன் மேலோ திருப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. Vetti Officer, Thayir Sadham, Current Pochu மாதிரி. கரண்ட் போனதால்தான் தோற்றோம் என்று சொல்லவும் வசதி.

தமிழ் எழுத்திலேயே வைக்க நினைத்தால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கணினி புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும். ‘கும்பகோணம்’ நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. இடம் போதாமல் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டால் மிச்சம் என்ன வார்த்தையாக நிற்கிறது என்று பார்த்துவிட்டே உறுதி செய்யுங்கள். பெயரின் இரு பக்கமும் ꧁ ꧂ மாதிரி அலங்காரம் சேர்ப்பவர்கள் அதே இடத்தைத்தான் அதற்கும் செலவழிக்கிறார்கள். அப்புறம் தேடல் பெட்டியில் அதை யாராலும் தட்டச்சு செய்ய முடியாமல், சேர வருகிறவர்கள் டேக்கைக் கேட்டு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடுவார்கள்.