தவக்காலமும் நோன்புக் கஞ்சியும்: இரண்டு சமய சேனல்கள் சேர்ந்து வீடியோ எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

2026-இல் எங்கள் தவக்கால நோன்பு தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18-ஆம் தேதி வந்தது. மறுநாள் தமிழ்நாட்டில் ரமலான் நோன்பு தொடங்கியது. எங்கள் பங்கு ஆலயத்தின் யூடியூப் சேனலுக்கு எடிட்டிங் செய்வது நான்தான். பக்கத்துத் தெருப் பள்ளிவாசலின் இளைஞர்களும் ஒரு சேனல் நடத்துகிறார்கள். இரண்டு நோன்பும் ஒன்றாக வருகிறதே, பசித்தவருக்குச் சோறு போடுவதைப் பற்றி ஒரு வீடியோ சேர்ந்து எடுப்போம் என்று பேசி முடித்தோம். எட்டு நிமிட வீடியோதான். அதில் நாங்கள் செய்த தவறுகளும் செய்ய இருந்து தப்பித்த தவறுகளும் சேர்ந்து ஒரு பாடமாகவே ஆகிவிட்டன.

முதல் ஸ்கிரிப்டின் முதல் வரியே தவறு. "எல்லா மதமும் ஒன்றுதான் சொல்கிறது" என்று நான்தான் எழுதியிருந்தேன். கேட்க நன்றாக இருக்கும் வரி. ஆனால் இரண்டு பக்கத்திலும் பக்தியோடு வாழ்கிறவர்கள் ஏற்காத வரி. இயேசு இறைமகன் என்பது எங்கள் விசுவாசம். ஈசா நபி இறைத்தூதர், இறைவனுக்கு மகன் கிடையாது என்பது அவர்களின் ஈமான். அந்த ஒரு வரியைப் போட்டால் கஞ்சி, பசி எல்லாம் மறந்து கமெண்ட் முழுக்க அந்த விவாதமே நடக்கும். ஸ்கிரிப்டைப் படித்த ஜமாஅத் தம்பி, "அண்ணே, நாம ஒண்ணுன்னு சொல்ல வேணாம், ஒண்ணா செய்யறோம்னு சொல்லுவோம்" என்றார். அன்றிலிருந்து ஸ்கிரிப்டில் கொள்கையைப் பற்றிய வாக்கியமே வரக்கூடாது, செயலைப் பற்றிய வாக்கியம் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்ததும் நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைதான். ஃபாதர் குர்ஆன் வசனத்தை வாசிக்கட்டும், இமாம் நற்செய்தி வாசகத்தை வாசிக்கட்டும் என்றார் எங்கள் குழுவில் ஒருவர். நாங்கள் எடுத்து வைத்திருந்தது மத்தேயு 25-ஆம் அதிகாரம்: "நான் பசியாய் இருந்தேன், நீங்கள் உணவு கொடுத்தீர்கள்." அந்த இடத்தில் பேசுகிறவர் தீர்ப்பு சொல்லும் அரசர். எங்களுக்கு அவர் இயேசுவே. ஓர் இமாம் தன் வாயால் அதை வாசித்தால் இயேசுவை இறுதித் தீர்ப்பின் நடுவராக அவர் ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அந்தப் பத்து விநாடித் துண்டை யாராவது வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், நாங்கள் இல்லை.

அதனால் அவரவர் நூலை அவரவர் வாசிப்பது என்று முடிவானது. அப்போது இமாம் எடுத்துத் தந்தது ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸ். மறுமை நாளில் இறைவன் மனிதனிடம், உன்னிடம் உணவு கேட்டேனே, நீ தரவில்லையே என்பான். நீ அகிலத்தின் இறைவன், உனக்கு நான் எப்படி உணவளிக்க முடியும் என்று மனிதன் கேட்பான். என் அடியான் ஒருவன் உன்னிடம் கேட்டான், அவனுக்குக் கொடுத்திருந்தால் அதை என்னிடம் கண்டிருப்பாய் என்பது பதில். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நடுவில் "பார்த்தீர்களா, இரண்டும் ஒன்றே" என்று எழுத்துப் போட எடிட்டருக்குக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற சண்டை அங்கேதான் முளைக்கும். கேட்கிறவர் தானே கண்டுகொள்வார்.

ஷூட்டிங் நாள் வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்தோம். பள்ளிவாசலில் அன்று கூட்டம் அதிகம், படம் நன்றாக வரும் என்று நினைத்தோம். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு கஞ்சி வாங்க வருகிறவர்களில் எல்லாச் சமயத்தவரும் உண்டு என்பதால் அந்தக் காட்சி எங்களுக்கு அவசியம். ஆனால் அங்கே கஞ்சியில் கறிக் கொத்து போடுவார்கள். தவக்கால வெள்ளியில் கத்தோலிக்கர் இறைச்சி சாப்பிடுவதில்லை. ஃபாதர் கஞ்சியைக் குடித்தால் எங்கள் மக்கள் கேட்பார்கள். கையில் வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் இருந்தால் அவமதித்தது போலத் தெரியும். கடைசி நேரத்தில் கவனித்துச் செவ்வாய்க்கு மாற்றினோம். இரண்டு சமயத்தின் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ன சமைக்கிறார்கள் என்பது வரை கேட்டுவிட்டுத் தேதி குறிக்க வேண்டும். அப்புறம், நோன்பு வைத்திருப்பவரை மதியம் வெயிலில் நிறுத்திப் பத்து டேக் எடுப்பதும் கூடாது. பேட்டிகளைக் காலையிலேயே முடித்துவிட்டோம்.

தம்ப்நெயிலில் உண்மையாகவே தவறிவிட்டேன். ஒரு பக்கம் இயேசுவின் படம், மறுபக்கம் பிறை, நடுவில் கைகுலுக்கல். ஈசா நபியும் அவர்களுக்கு நபி என்பதால், எந்த நபியின் உருவத்தையும் வரையவோ காட்டவோ கூடாது என்பதே அவர்களில் பெரும்பாலோர் நிலை. அவர்கள் சேனலின் பெயரோடு அந்தப் படம் போகவே முடியாது. அதை எடுத்துவிட்டுக் கஞ்சி அண்டாவையும் கரண்டி பிடித்த இரண்டு கைகளையும் வைத்தேன். பின்னணி இசையிலும் இதே கதைதான். கீபோர்டு போட்டிருந்தேன், வாத்தியம் கூடாது என்று கருதுகிறவர்கள் அவர்கள் நேயர்களில் நிறையப் பேர். இசையே இல்லாமல் அடுப்புச் சத்தமும் பாத்திரச் சத்தமும் மட்டும் விட்டேன். அதுவே நன்றாக இருந்தது.

எனக்கு மிகவும் வலித்த தவறு வேறு. கஞ்சி வாங்க வந்த ஒரு பாட்டியின் முகத்தை க்ளோஸப்பில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டு, கண் கலங்கும் இடத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த ஷாட்டைப் பார்த்த இமாம் ஒன்றும் சொல்லவில்லை. குர்ஆனின் 76-ஆம் அத்தியாயத்தில் உள்ள ஒரு வசனத்தின் பொருளை மட்டும் சொன்னார். இறைவனுக்காகவே உங்களுக்கு உணவளிக்கிறோம், உங்களிடமிருந்து கைம்மாறோ நன்றியோ எதிர்பார்க்கவில்லை என்பது அது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு 6-இல் எங்களுக்கும் சொல்லியிருக்கிறது. இரண்டு நூலும் தடுப்பதை இரண்டு சேனலும் சேர்ந்து செய்ய இருந்தோம். வாங்குகிறவர்களின் முகம் வரும் ஷாட் எல்லாவற்றையும் வெட்டினேன். கொடுக்கிறவர்கள், சமைக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். பாட்டியிடம் அனுமதி வாங்கியிருந்தேனே என்று என் மனம் வாதாடியது உண்மை. ஆனால் வாளியை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர் கேமராவுக்கு எப்படி வேண்டாம் என்பார்?

யார் பதிவேற்றுவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். யூடியூபில் இன்னொரு சேனலைக் கூட்டாளியாகச் சேர்த்து இரண்டு பெயரிலும் காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் விளம்பர வருமானம் பதிவேற்றிய சேனலுக்கே போகும். நாங்கள் விளம்பரத்தையே நிறுத்திவிட்டோம். கமெண்ட்டுகளை முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் முறையில் வைத்தோம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருவர் உட்கார்ந்து, தன் சமயத்தவரின் வசவுக்குத் தானே பதில் எழுதினார். ஒரு கிறிஸ்தவரின் கிண்டலுக்கு முஸ்லிம் தம்பி பதில் எழுதினால் அது விவாதமாகிவிடும்; நான் எழுதினால் வீட்டுப் பேச்சாக முடிந்துவிடும். யாரும் மற்றவரைக் கேட்காமல் ஷார்ட்ஸ் வெட்டுவதில்லை என்றும் எழுதி வைத்துக்கொண்டோம்.

வெளியிடுவதற்கு முந்தைய இரவு முழு வீடியோவையும் பள்ளிவாசல் அலுவலக அறையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். "கர்த்தர்" என்று ஓர் இடத்தில் அறிவிப்புக் குரலில் வந்திருந்தது. அது இரண்டு பேருக்கும் பொதுவான குரல் என்பதால் "இறைவன்" என்று மாற்றி, இரவு பதினொன்றரைக்கு மறுபடி பதிவு செய்தோம்.